சாமைத் தூசியும் சொட்டுக் குழாயும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் என்னோடு கொல்லிமலை ஏறிய மருந்துப் பெட்டியில் கண்ணுக்கென்று மூன்றே சாமான்கள் இருந்தன. போரிக் பொடி ஒரு டப்பா, சொட்டு மருந்து ஒரு பழுப்புப் புட்டி, ரப்பர் குமிழ் மாட்டிய கண்ணாடிக் குழாய் ஒன்று. முதல் இரண்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கெல்லாம் கதை சொல்லியிருக்கிறேன். மூன்றாவதைப் பற்றி யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் கம்பவுண்டர். அடிவாரத்தில் இருந்த டாக்டருக்கு மலை ஏறப் பிடிக்காது. மாதம் ஒருமுறை வருவதாகப் பேச்சு, மழை பெய்தால் அதுவும் கிடையாது. ஆகவே எடப்புளி நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு கூரைக் கொட்டகையில் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர், பெருக்குபவனும் நானே. மலைக்காரர்கள் என்னை “டாக்டருங்க” என்றார்கள். முதல் வாரம் திருத்திப் பார்த்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து திருத்தவில்லை. இருபத்து மூன்று வயதில் அந்தப் பட்டம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் மலைக்குப் போன முதல் வருஷம் கார்த்திகையில் சாமை அறுவடையும் கண் நோயும் ஒன்றாக வந்தன. என் கொட்டகைக்கு மேலே இருந்த சிற்றூரில் பதினைந்து வீடு இருக்கும். அதில் ஆறு வீட்டில் சிவந்த கண்கள். எனக்கு அப்போது தெரிந்த கண் வைத்தியம் ஒரு வரியில் அடங்கும்: சிவந்திருந்தால் கழுவு, சொட்டு விடு, அடுத்த ஆளைக் கூப்பிடு.

அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கண் சிவந்தவர் ஊருக்குள் இருக்கக் கூடாது. கண் வெளுக்கும் வரை களத்துக்கு மேலே மேட்டில் இருக்கும் காவல் குடிசையில் போய் இருக்க வேண்டும். சோறு வாசலில் வரும், ஆள் கிட்டே வரமாட்டார்கள். வீடு வீடாகக் கண் நோய் பரவிவிட்ட அந்த வருஷம் மற்றவர்கள் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு அவரவர் வீட்டிலேயே மூலையில் படுத்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணை மட்டும் விடவில்லை. அவள்தான் எல்லோருக்கும் முன்னால் சிவந்தவள், அவளால்தான் ஊருக்கே வந்தது என்பது ஊர்க்கவுண்டரின் கணக்கு.

அவளுடைய வீட்டுக்காரர் ஒரு காலையில் என் கொட்டகை முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம். கொடுக்கவும் தெரியாமல் கீழே வைக்கவும் தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“ஏனுங்க, அவ மேல போயி இன்னைக்கோட பதினோரு நாளுங்க. பையனுக்கு அஞ்சு மாசம். அண்ணி ஆட்டுப்பாலு குடுக்குது, குடிக்க மாட்டேங்கறான். குடிச்சாலும் வயித்துல நிக்கறதில்லீங்க. நீங்க ஒருக்கா பாத்து, அவ ஊட்டுக்கு வரலாமுன்னு ஒரு வார்த்தை சொன்னா கவுண்டரு கேப்பாருங்க.”

பையனையும் பார்த்தேன். அவருடைய அண்ணி இடுப்பில் இருந்தான். அழுவதற்கு வாயைத் திறந்தான், சத்தம் சிறிதாகத்தான் வந்தது. தொடையில் தோல் மடிந்து தொங்கியது. ஆனாலும் அன்று காலை ஐந்து வீட்டுக் கண்களைப் பார்த்துவிட்டுத்தான் மேட்டுக்கு ஏறினேன். வரிசை என்று ஒன்று இருக்கிறதே என்ற மிதப்பு.

குடிசைக்கு வெளியே அவள் நின்றாள். இரண்டு கண்ணும் சிவந்து, இமைகள் பணியாரம் போல உப்பியிருந்தன. கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் கேட்கும் முன்னால் நாலு தும்மல் போட்டாள்.

“ஒரே அரிப்புங்க,” என்றாள். “தேச்சுத் தேச்சுக் கை ஓஞ்சு போச்சு. வருசா வருசம் சாமையடிக்கறப்ப இப்படித்தானுங்க வரும். இது ஊருக்குள்ள வந்திருக்கற நோவு இல்லீங்க.”

“காலையில பீளை கட்டுதாம்மா?”

“கட்டுதுங்க. நூலாட்டம் வெள்ளையா வரும். இழுத்தா வந்துரும்.”

பீளை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் போதுமாக இருந்தது. வெள்ளையா, மஞ்சளா, நூலா, பசையா என்பதெல்லாம் என் ஒரு வரி வைத்தியத்தில் இல்லை. “பீளை கட்டினா அது ஒட்டுற நோவுதான். நீ இன்னும் பத்து நாள் இங்கேயே இரு” என்றேன். குழாயில் மருந்தை ஏற்றி, முதலில் வலது கண்ணில் விட்டேன். அவள் சிமிட்டியதில் குழாயின் நுனி இமை ஓரத்தில் பட்டது. இடது கண்ணுக்குப் போகும் முன்னால் தலையைத் திருப்பிக்கொண்டாள். சொட்டு கன்னத்தில் விழுந்தது. இன்னொரு சொட்டு விட நான் மெனக்கெடவில்லை. கீழே அவளுடைய வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் திரும்பி நடந்தார். பழச் சீப்பு என் கொட்டகை வாசலில் இருந்தது.

மூன்று நாள் கழித்து மறுபடி போனேன். பையன் எப்படி இருக்கிறான் என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்று எனக்கே காட்டிக்கொள்ளும் ஆசை இன்னொரு பக்கம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவள் ஒரு சட்டித் தண்ணீரில் துணியை நனைத்து வலது கண் மேல் வைத்துக்கொண்டிருந்தாள். துணியை எடுத்ததும் பார்த்தேன். மேல் இமையும் கீழ் இமையும் மஞ்சள் பசையால் ஒட்டிக் கிடந்தன. ஊறவைத்து ஊறவைத்துத்தான் திறந்தாள். இடது கண் மூன்று நாளைக்கு முன் இருந்த மாதிரியே உப்பி, நீர் விட்டு, ஓரத்தில் வெள்ளை நூல் போல ஒன்றோடு இருந்தது.

“இதுதானுங்க அந்த நோவு,” என்று வலது கண்ணைக் காட்டினாள். “இதுல அரிப்பு இல்லீங்க. மணலு வுழுந்தாப்பல உறுத்துது. நேத்துக் காலையிலதான் ஆரம்பம். இந்தக் கண்ணு எப்பவும் போல அரிக்குது.”

என்னால் அந்தக் காலையை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரே முகத்தில் இரண்டு நோய், மூக்கு நடுவில் வேலி. நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் கஷ்டத்தில் இருக்கிறாள் என்பது சற்று நேரம் எனக்கு மறந்தே போய்விட்டது. சொட்டு விடப் புட்டியைத் திறந்தபோது அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“மருந்து வேணாங்க. தண்ணி போதும்.”

மலைக்காரர்களுக்கு மருந்தென்றால் பயம் என்று நினைத்துக்கொண்டு புட்டியை மூடினேன்.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. யாரும் முகம் கழுவும் முன்னால் அவர்கள் கண்ணைப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் வீடு வீடாகப் போய் நின்றேன். “டாக்டருக்குத் தூக்கம் வரலயாட்டம் இருக்குது” என்று சிரித்தார்கள். ஒரு கிழவர் நான் வருவதற்கு முன்பே எழுந்து, வேண்டுமென்றே கண்ணைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் பார்த்ததெல்லாம் பொருந்தி வந்தது. மற்ற ஐந்து வீட்டிலும் காலையில் இமை ஒட்டியிருந்தது, பசை மஞ்சளாகவோ பச்சை கலந்தோ இருந்தது. எந்தக் கண்ணில் முதலில் என்று கேட்டால் எல்லோரும் யோசிக்காமல் ஒரு கண்ணைக் காட்டினார்கள். மற்றது ஒருநாள் இரண்டுநாள் தள்ளிச் சிவந்ததாம். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் நாலு நாளில் இன்னொருவருக்கு வந்திருந்தது, அதுவும் ஒரே துண்டில் முகம் துடைக்கிறவர்களுக்கு. அரிக்கிறதா என்றால் கொஞ்சம் என்பார்கள், உறுத்தலைப் பற்றித்தான் நீளமாகப் பேசுவார்கள். தும்மல் ஒருவருக்கும் இல்லை.

அவளுடைய இடது கண் இந்தக் கூட்டத்தில் சேரவே இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அலர்ஜி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். அன்று அந்தச் சொல் எங்கள் பெட்டிக்கு வந்து சேரவில்லை. இரண்டு பக்கக் கடிதம் ஒன்று எழுதி, அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு மிளகு மூட்டை சுமந்து இறங்குகிறவர்களிடம் டாக்டருக்குக் கொடுத்தனுப்பினேன்.

நாலாம் நாள் பதில் வந்தது. டாக்டருக்குக் கால்தான் சோம்பல், கை சோம்பல் இல்லை. அவர் எழுத்தில் எப்போதும் ஒரு குத்தல் இருக்கும். “நீர் எழுதியதில் பாதிக்கு மேல் உம்முடைய வியப்பு. எனக்கு வேண்டியது விவரம். அவளுக்கு வருஷந்தோறும் ஒரே பருவத்தில் வருகிறதா? இரண்டு கண்ணிலும் சேர்ந்து தொடங்கியதா? அரிப்பு முந்தியா, உறுத்தல் முந்தியா? மூக்கு அரித்துத் தும்மல் உண்டா? அவளால் வேறு யாருக்காவது எந்த வருஷமாவது வந்ததுண்டா? இவற்றுக்கெல்லாம் பதில் நான் நினைப்பதாக இருந்தால், முதலில் இருந்தது ஒட்டுகிற நோய் அல்ல, தூசியோ மகரந்தமோ அவள் கண்ணுக்கு ஆகவில்லை. அதில் காலையில் கொஞ்சம் வெள்ளை நூல் கட்டுவது வழக்கம். அவள் எங்கே படுக்கிறாள் என்று போய்ப் பாரும். வெளிச்சம் பட்டால் கண் திறக்க முடியாமல் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி கண்டாலோ தூக்கிக் கொண்டு கீழே வாரும்.” அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதியிருந்தார்: “வலது கண்ணுக்கு ஒட்டுகிற நோய் எங்கிருந்து வந்தது? பதினோரு நாளாய் யாரும் கிட்டே போகவில்லை என்கிறீர். சொட்டுக் குழாயை ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் என்ன செய்கிறீர்?”

நான் ஒன்றும் செய்வதில்லை. சட்டை முனையில் துடைப்பேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வைத்த இடம் நாள் முழுக்கக் கனத்தது. முதலில் மேடேறிய அன்று காலை ஐந்து வீடு, ஐந்து வீட்டிலும் சிமிட்டிய இமைகள், பிறகு அவளுடைய வலது கண். அவளிடம் போன ஒரே ஆள் நான்தான். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்தை விடப் பயம்தான் பெரிதாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இது ஊருக்குத் தெரிந்தால் என் கொட்டகை வாசலை யார் மிதிப்பார்கள்?

மேட்டுக்குப் போய்க் குடிசைக்குள் முதன்முறையாகத் தலையை நுழைத்துப் பார்த்தேன். கூரை புதுச் சாமைத் தாளால், அதாவது சாமை வைக்கோலால், வேய்ந்தது. தரையில் படுக்கை முழங்கால் உயரத்துக்குச் சாமைத் தாள். நேர் கீழே களம். மாடுகள் சுற்றிச் சுற்றிக் கதிரை மிதிக்க, பெண்கள் முறத்தில் தூற்றியதில் கிளம்பிய தூசி காற்றோடு மேடேறிக் குடிசை வாசலில்தான் வந்து விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் எனக்கே மூக்கு அரித்தது. சாமைத் தூசி ஆகாத ஒருத்தியை, கண் வெளுக்கும் வரை இரு என்று சாமைத் தாளுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். இங்கே இருந்தால் எப்படி வெளுக்கும்? கதிரடி முடிகிற வரைக்கும் வெளுக்காது. வருஷா வருஷம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. கதிரடி முடிந்ததும் கண் தெளியும், தனியாக வைத்ததால்தான் தெளிந்தது என்று ஊரும் நினைத்துக்கொள்ளும்.

களத்தில் நின்ற ஊர்க்கவுண்டரிடம் போனேன்.

“செவப்பு செவப்புத்தானுங்க டாக்டரு,” என்றார் அவர். “அதுல என்னங்க சாதி பிரிக்கறது?”

“அந்தப் பொண்ணு இந்த ஊருக்கு வாழ வந்து எத்தனை வருஷம் இருக்குங்க?”

“ஏழு இருக்கும்.”

“ஏழு கதிரடியிலயும் கண்ணு செவந்துச்சா?”

“செவந்துச்சு.”

“இந்த வருஷத்துக்கு முன்னால, அவ ஊட்டுல வேற யாருக்காவது?”

அவர் தாடையைச் சொறிந்தார். பதில் முறத்தோடு நின்ற அவர் மனைவியிடமிருந்து வந்தது. “ஒருத்தருக்கும் வந்ததில்லீங்க. அவள மேல அனுப்பற வரைக்கும் நான்தான் அவகூட ஒண்ணாச் சோத்துக் கும்பா கழுவுவேன். எனக்கே வந்ததில்ல.”

கவுண்டர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரிங்க, இப்ப அவ வலது கண்ணு ஒட்டிக் கெடக்குதாமே, அது?”

நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். “அது இப்ப ஊருல இருக்கற நோவுங்க. அவளையும் புடிச்சுக்கிச்சு” என்றேன். பொய் இல்லை. பாதி.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். ஓடைக்கு அந்தப் பக்கம், காற்று போகாத பள்ளத்தில் பலா மரத்தடியில் ஒரு காலி வீடு இருந்தது. பழைய விழல் கூரை, சாணி மெழுகிய தரை. அங்கே கழுவிக் காய வைத்த கோரைப்பாய் ஒன்றைப் போட்டு அவளை மாற்றினோம். இதற்குள் இடது கண்ணும் மஞ்சளாக ஒட்டத் தொடங்கியிருந்தது. வெந்நீரில் போரிக் பொடி கரைத்து ஆறவைத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு வைத்துக் கழுவச் சொன்னேன். கருவிழியைத் தினமும் பார்த்தேன், புள்ளி இல்லை. அரிப்பு இரண்டே நாளில் பாதியாகி நாலாம் நாள் நின்றுவிட்டது, தும்மலும் கூடவே போயிற்று. ஒட்டலுக்குத்தான் எட்டு நாள் ஆயிற்று. இரண்டும் வெவ்வேறு வழியாக வந்து வெவ்வேறு நாளில் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க ஆச்சரியம், பார்க்கப் பார்க்க மன உறுத்தல். அந்த எட்டு நாளும் நான் அவளுக்குக் கொடுத்தது.

பையனை அந்த நிலையில் அவளிடம் கொடுக்கப் பயந்தேன். அவன் கண்ணிலும் ஒட்டிக்கொண்டால்? ஆனால் பால் என்ன பாவம் செய்தது? கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, கொதிக்க வைத்த சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் பீய்ச்சித் தரச் சொன்னேன். குடிசையில் இருந்த நாளெல்லாம் மார் கட்டாமல் இருக்க மண்ணில் பீய்ச்சிக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் ஒரே ஒரு முறை அழுதாள். கிண்ணத்தை வீட்டுக்காரர் ஓடை தாண்டி எடுத்துப் போவார், அண்ணி பாலாடையில் புகட்டுவாள். மூன்றாம் நாள் பையனுடைய அழுகைச் சத்தம் ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்டது. “கத்தறான் பாருங்க,” என்று சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

அவள் வீட்டுக்குள் போன அன்று நானும் போனேன். பையன் அவளை அடையாளம் தெரியாமல் பார்த்தான். மடியில் வாங்கினால் அண்ணி பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். மாரில் வாயை வைக்கவில்லை. அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் விடியும்போது தூக்கக் கலக்கத்தில் குடித்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து சொட்டுக் குழாயைக் கொதிநீரில் போடாமல் நான் தொட்டதில்லை. பெட்டியில் இன்னும் மூன்று குழாய் வாங்கி வைத்தேன். ஊரிலும் ஒரு மாற்றம் வந்தது. கண் சிவந்தவரைப் பார்த்தால் முதல் கேள்வியாக “காலையில கண்ணு ஒட்டுச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைக் கவுண்டர் கேட்கும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாதி உண்மை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கார்த்திகையில் அவளிடமிருந்து ஆள் வந்தது. போனால், வீட்டுக்குள்ளேயே, களத்துக்கு எதிர்ப்பக்க அறையில் இருந்தாள். இரண்டு கண்ணும் சிவந்து உப்பித் தும்மிக்கொண்டிருந்தாள். பையனுக்கு ஒன்றரை வயது. அவனுக்கு ஒரு கண் மட்டும் சிவந்திருந்தது.

“எனக்கு அரிப்புங்க, அது சாமை போனாப் போயிரும்,” என்றாள். “இவனுக்குக் காலையில மஞ்சளா ஒட்டிக்கிச்சு. நேத்துத்தான் ஆரம்பம். துண்டு தனியா வெச்சிருக்கறேன், தொட்டா உடனே கை கழுவிக்கறேன். இவனுக்கு மட்டும் மருந்து விடுங்க.”

நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியைத் திறந்து, சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்த குழாயை எடுத்தேன்.

“அதை அடுப்புச் சட்டியில போடுங்க,” என்றாள். அப்போதுதான் பார்த்தேன். அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

“கொதிக்க வெச்சுத்தாம்மா கொண்டாந்திருக்கறேன்.”

“இருக்கட்டுங்க. நான் பாக்க ஒருக்கா கொதிக்கட்டும்.” குரலில் கோபம் இல்லை. “அந்த மேட்டுலேருந்து பாத்தா ஊரு பூராத் தெரியுமுங்க. அன்னைக்கு நீங்க எந்தெந்த ஊட்டுக்குப் போயிட்டு எங்கிட்ட வந்தீங்கன்னு பாத்துக்கிட்டேதான் நின்னேன். அதனாலதான் எடது கண்ணைத் திருப்பிக்கிட்டேன்.”

அவள் பையனை மடியில் இழுத்து, அவன் கையைக் கண்ணுக்குப் போகாமல் பிடித்துக்கொண்டாள்.

“இவன வுட்டுட்டு இருபத்தாறு நாளுங்க,” என்றாள்.

குழாயைச் சட்டியில் போட்டேன். அது தண்ணீரில் புரண்டு புரண்டு கொதித்து முடியும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.